பொடிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

நம் இயற்கை அங்காடிகளில் சிறுதானியத்துக்கும் மரச்செக்கு எண்ணெய்க்கும் அடுத்தபடியாக அதிகம் விற்பது மூலிகைப் பொடிகள்தான். அதிலும் மலச்சிக்கலுக்கான பொடி என்றால் சொல்லவே வேண்டாம். 'வயிறு சுத்தப் பொடி', 'இரவுப் பொடி', 'திரிபலா கலந்த மூலிகைச் சூரணம்' என்று ஆளுக்கொரு பெயரில் வருகிறது. வாங்குகிறவர் எல்லாரும் "திரிபலாதானே, ஒண்ணும் பண்ணாது" என்றுதான் வாங்குகிறார். என் கருத்து இதுதான்: அந்தப் பாக்கெட்டுகளில் பலவற்றில் வேலை செய்வது திரிபலா இல்லை. வேலை செய்வது நிலாவாரை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாமல் விற்பது நம் இயக்கத்துக்கு அழகில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் பத்திரம் படித்துப் பழகியவன் நான். பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு சிறிய எழுத்தில் இருப்பதைப் படிப்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். இப்போது பயிர் வைத்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பொடிப் பாக்கெட்டையும் அப்படித்தான் படிக்கிறேன்.

முதலில் திரிபலாவைப் பார்ப்போம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் திரிபலா. மூன்றிலும் கொட்டையை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் காயவைத்து இடித்துச் சம எடை சேர்ப்பது பொதுவான முறை. ஒரு பங்கு கடுக்காய், இரண்டு பங்கு தான்றி, நான்கு பங்கு நெல்லி என்று சேர்க்கும் வைத்தியர்களும் உண்டு. பொடி பழுப்பாக இருக்கும். நாக்கில் வைத்தால் முதலில் புளிப்பு, உடனே துவர்ப்பு, வாயை அப்படியே இழுத்துப் பிடிக்கும்.

அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்கிற சத்து. கடுக்காயில் அது ஏராளம். அதனால்தான் தோல் பதனிடும் தொழிலுக்கு நம் மலைகளிலிருந்து ஒரு காலத்தில் கடுக்காய் மூட்டை மூட்டையாகப் போனது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். துவர்ப்பு என்பது கட்டும் குணம். வயிற்றுப்போக்கு வந்தால் மாதுளம் பழத்தோல் கொடுப்பது இதனால்தான். அப்படியிருக்க, இவ்வளவு துவர்ப்பான பொடி எப்படி மலத்தை இளக்குகிறது? திரிபலாவில் இளக்கும் சத்தும் இருக்கிறது, கட்டும் சத்தும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால்தான் அது மென்மையாக வேலை செய்கிறது. இரவு சாப்பிட்டுக் காலையில் ஓடவைக்கும் வேகம் அதற்குக் கிடையாது. சில நாள் தொடர்ந்து எடுத்தால் மலம் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். ஒரு சிலருக்கு எதிர்மாறாக இறுகியும் போகும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றால், திரிபலாவை மட்டும் தனியாக எடுத்து, மலச்சிக்கல் உள்ளவர்களிடம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் வைத்து, பெரிய அளவில் செய்த சோதனைகள் மிகக் குறைவு. இருப்பவை பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிந்துபோனவை. 2011-இல் மும்பையிலிருந்து வெளியான ஓர் ஆய்வை இணையத்தில் பலர் திரிபலாவுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதில் கொடுக்கப்பட்டது வெறும் திரிபலா அல்ல. இசப்கோல் உமி, நிலாவாரைச் சாறு, திரிபலா மூன்றும் சேர்ந்த கலவை. ஒப்பிட வேறு குழுவும் இல்லை. மலம் கழிந்தது உண்மை, ஆனால் கழியவைத்தது எது? மூன்று பேர் கையெழுத்துப் போட்ட கடனை ஒருத்தர் கணக்கில் மட்டும் வரவு வைத்தால் எப்படி? திரிபலா பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் பலம் மென்மையானது, நிரூபணமும் இன்னும் மெலிந்ததுதான் என்கிறேன்.

இனி நிலாவாரை. சித்த மருத்துவத்தில் நிலவாகை என்பார்கள், வணிகத்தில் சென்னா, வடக்கே சோனாமுகி. இது நம் தென்மாவட்டத்துப் பயிர். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் மானாவாரியாக விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பல நாடுகளுக்குப் போகிறது. உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நிலாவாரை இருக்கிறது. ஆகவே இது கெட்ட மூலிகை என்று யாரும் நினைக்க வேண்டாம். இது உண்மையான மருந்து. உண்மையான மருந்து என்பதால்தான் அளவும் நாளும் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

இது வேலை செய்யும் விதம் வேறு. இலையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலில் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைக்கின்றன. உடைந்து வரும் பொருள் குடல் சுவரைத் தூண்டி அசையவைக்கிறது. குடல் நீரை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. இதற்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டால் விடிகாலை வயிற்றைக் கலக்குவது இந்தக் கணக்கில்தான். 'இரவுப் பொடி' என்ற பெயரே அதை விற்றவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

பழைய நூல் முறைப்படி செய்யும் சூரணங்களிலும் இது உண்டு. சித்தத்தில் நிலவாகைச் சூரணம், ஆயுர்வேதத்தில் பஞ்ச சகார சூரணம். பஞ்ச சகாரத்தில் நிலாவாரையோடு கடுக்காய், சுக்கு, சோம்பு, இந்துப்பு சேரும். சுக்கும் சோம்பும் வயிற்று முறுக்கலைத் தணிப்பதற்காகச் சேர்ப்பது. முறுக்கும் என்று தெரிந்துதான் நம் முன்னோர்கள் துணை மருந்து சேர்த்திருக்கிறார்கள். அப்படித் தெரிந்து கொடுத்தவர்கள் இதைத் தினமும் சாப்பிடும் டானிக்காகக் கொடுக்கவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெருங்குடல் ஒரு நீளமான கிடங்கு. சாதாரணமாகக் காலையில் கழிவது அதன் கடைசிப் பகுதியில் சேர்ந்தது மட்டும்தான். நிலாவாரை அதிகம் போனால் கிடங்கையே காலி செய்துவிடும். காலியான கிடங்கு மறுபடி நிரம்ப ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அந்த நாட்களில் மலம் வராது, வரவும் வேண்டியதில்லை. ஆனால் மனுஷன் என்ன நினைக்கிறான்? "பொடி சாப்பிடலன்னா போகவே மாட்டேங்குது" என்று நினைக்கிறான். மறுநாளே அடுத்த ஸ்பூன். குடல் நிரம்ப விடாமல் தினமும் காலி செய்துகொண்டே இருந்தால், பொடி இல்லாமல் ஒரு நாளும் நகராது என்ற எண்ணம் உறுதியாகிவிடுகிறது. தினம் ஒருமுறை போனால்தான் ஆரோக்கியம் என்பதும் கட்டாயமில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை, முக்காமல், இறுகாமல் போனால் அது இயல்புதான்.

இப்போது ஒரு கணக்கு. எங்கள் பக்கத்து ஊரில் எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையில் சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. இரண்டு வருடமாக ஒரு பொடியைத் தினமும் ராத்திரி சாப்பிட்டு வந்திருக்கிறார். ஆரம்பத்தில் ஒரு டீஸ்பூன், பிறகு இரண்டு, கடைசியில் மூன்று. கொஞ்ச நாளாகக் கெண்டைக்கால் பிடிப்பு, வரப்பில் ஏறினால் கால் துவளுகிறது, படபடப்பு. வயசாயிருச்சு என்று விட்டுவிட்டார். அவர் மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பரிசோதித்தபோது பொட்டாசியம் 2.9 இருந்தது. 3.5-க்குக் கீழே போகக் கூடாது. டாக்டர், "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லீங்க, மூலிகைப் பொடி மட்டும்தான்" என்றிருக்கிறார். நம் ஆட்கள் பொடியை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மகன் அந்தப் பாக்கெட்டை என்னிடம் கொண்டுவந்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் திரிபலா. பின்பக்கம் சிறிய எழுத்தில், நூறு கிராமுக்கு நிலாவாரை இலை 50 கிராம், மீதிதான் திரிபலாவும் சுக்கும் உப்பும். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் ஐந்து கிராம் என்று வையுங்கள். அதில் பாதி, இரண்டரை கிராம், நிலாவாரை. தரமான இலையில் நூற்றுக்கு இரண்டு பங்காவது சென்னோசைடு இருக்கும். ஆக ஒரு ஸ்பூனில் 50 மில்லிகிராம், மூன்று ஸ்பூனில் 150 மில்லிகிராம். ஐரோப்பிய மருந்து முகமை வகுத்த மூலிகை வழிகாட்டுதலில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 30 மில்லிகிராம். அதுவும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது என்கிறது. பெரியவர் இரண்டு வருடமாக அந்த அளவைத் தாண்டியே சாப்பிட்டிருக்கிறார், கடைசியில் அது ஐந்து மடங்கு.

பொட்டாசியம் இறங்கியதற்குக் காரணமும் இதிலேயே தெரிகிறது. பேதியில் தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். சிறுநீர் மாத்திரையிலும் போகும். இரண்டு மதகையும் திறந்துவிட்டால் குளம் எத்தனை நாள் தாங்கும்? பொட்டாசியம் குறைந்தால் தசை துவளும், இதயத் துடிப்பு தடுமாறும். இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. குறைந்த பொட்டாசியத்தில் அந்த மருந்தே நஞ்சாகிவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோம்பிப்போகும், மலச்சிக்கல் கூடும். பெரியவர் ஸ்பூனைக் கூட்டிக்கொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

டாக்டர் பொட்டாசியத்தைச் சரிசெய்து, அழுத்த மாத்திரையை மாற்றினார். பொடியை ஒரே நாளில் நிறுத்தாமல் மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். கூடவே இசப்கோல் உமி ஒரு ஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர். காலையில் காப்பி குடித்துக் கால் மணி நேரத்தில், வருதோ வரலையோ, போய் உட்காரச் சொன்னார். வயிற்றுக்குள் எதாவது இறங்கியதும் பெருங்குடல் அசைவது இயற்கை, அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. முதல் பத்து நாள் பெரியவர் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை சிரமம் இல்லாமல் போகிறார். கால் பிடிப்பும் இல்லை.

இசப்கோலுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அது தண்ணீரை இழுத்து உப்பும் நார். தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஆனால் நீண்ட நாள் சாப்பிடுவதற்கு மூன்றிலும் நல்ல சான்று உள்ளது இதுதான்.

லேபிள் இல்லாத பொடி கையில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சில அடையாளங்கள் உண்டு. திரிபலா பழுப்பு நிறம், நிலாவாரை சேர்ந்தால் பச்சை ஓடும், காய்ந்த வைக்கோல் வாசனை வரும். திரிபலாவைத் தண்ணீரில் கரைத்து இரும்புக் கரண்டியை ஊறவைத்தால் கறுத்துப்போகும், ஆனால் கறுப்பது திரிபலா இருப்பதைத்தான் காட்டும், நிலாவாரை இல்லை என்பதைக் காட்டாது. நம்பகமான அடையாளம் உடம்புதான். முதல் நாளே எட்டு மணி நேரத்தில் முறுக்கலோடு தண்ணீராகப் போனால், சிறுநீர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறினால், அது வெறும் திரிபலா இல்லை.

அதே இரும்புக் கரண்டி இன்னொன்றையும் சொல்கிறது. டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதோடு திரிபலா சாப்பிட்டால் மாத்திரை வீண். காலையில் மாத்திரை, இரவில் பொடி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில அழுத்த மாத்திரைகள் எல்லாமே மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மாத்திரையால் வந்த சிக்கலுக்குப் பொடி தேடுவதைவிட, மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது சுலபம்.

வெறும் திரிபலா சாப்பிட நினைப்பவர்கள் இரவில் வெந்நீரில் அரை ஸ்பூனில் தொடங்கி, இரண்டு வாரம் பார்த்து, தேவையென்றால் ஒரு ஸ்பூன் போகலாம். பேதியானால் குறைக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டும், அது கொஞ்சம் இறங்கலாம். கர்ப்பிணிகள் திரிபலாவோ நிலாவாரையோ மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. குழந்தைகளுக்குப் பெற்றோர் தாமாகக் கொடுக்கக் கூடாது.

எந்தப் பொடியும் சாப்பிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது அடைப்பாக இருக்கலாம். காரணம் தெரியாத கடும் வயிற்றுவலியில் பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடிக்கக்கூடும். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலம் போகும் பழக்கம் மாறுவது, இவையெல்லாம் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டிய அடையாளங்கள். இப்படிப்பட்டவர் பொடியால் தினமும் போய்க்கொண்டிருந்தால் நோய் மறைந்தே வளரும். எனக்கு உண்மையான பயம் இதில்தான்.

கடைசியாக, விற்கிற நமக்கு. சித்த, ஆயுர்வேத மருந்துப் பாக்கெட்டில் என்னென்ன மூலிகை, செடியின் எந்தப் பாகம், எத்தனை அளவு, உரிம எண், தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'ரகசியக் கலவை' என்று ஒதுங்க இடமில்லை. பூச்சிக்கொல்லிக் கம்பெனி டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்றால் நாம் விடுவோமா? அதே கேள்வியை நம் அங்காடி அலமாரியிலும் கேட்போம். நிலாவாரை சேர்ந்த பொடிக்கு முன்பக்கத்தில் திரிபலா என்று போடக் கூடாது. நிலாவாரை என்றே பெரிய எழுத்தில் போட வேண்டும். அதன் கீழே, 'ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள்' என்று ஒரு வரி. கூட்டமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். அதற்குள் உங்கள் ஊர் அங்காடிக்குப் போகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். அளவு எழுதாத பொடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.